கொள்கையா, மதிப்பீடா, வழுவா: ஓர் ஐஸ் ஆலையின் கணக்கை வைத்து ஓர் ஒப்பீடு

மார்ச் 31 கணக்கை மூடும் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கணக்காளர் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "போன வருசக் கணக்கில போட்ட தொகை ஒண்டு இப்ப சரியில்லை எண்டு தெரியுது. இந்த வருசச் செலவில போட்டு முடிச்சிடலாமோ, இல்லாட்டி பழைய கணக்கைத் திருத்த வேணுமோ?"

இதற்கு இலங்கைக் கணக்கீட்டு நியமம் 8 மூன்று வழிகளை வைத்திருக்கிறது. கணக்கீட்டுக் கொள்கை மாற்றம் என்றால் பழைய ஆண்டுகளையும் புதிய கொள்கைப்படி மீளக் காட்ட வேண்டும். மதிப்பீட்டு மாற்றம் என்றால் இந்த ஆண்டிலிருந்து முன்னோக்கிப் போனால் போதும். முன்னைய கால வழு என்றால் பழைய ஆண்டுகளைத் திருத்தி, தவறு நடந்ததை வெளிப்படையாக எழுத வேண்டும். ஒரே தொகை மூன்றில் எந்த வழியால் போகிறது என்பதைப் பொறுத்து இந்த ஆண்டின் இலாபம் பல இலட்சம் ஏறும் அல்லது இறங்கும். அதனால்தான் பலர் விடையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கான பெயரைப் பிறகு தேடுகிறார்கள்.

இந்த மூன்றும் கடையில் அடுக்கி வைத்த மூன்று சாமான்கள் அல்ல. நிறுவனம் விரும்பி எடுக்கக்கூடியது கொள்கை மாற்றம் ஒன்றுதான், அதற்கும் நிபந்தனை உண்டு. மதிப்பீட்டு மாற்றமா வழுவா என்பது விருப்பத்தால் தீர்வதில்லை. கோப்பில் இருக்கும் கடதாசியும் அதன் திகதியும்தான் அதைத் தீர்க்கும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த எல்லைக்கோட்டைப் பற்றியது, ஏனென்றால் சிக்கல் அங்கேதான் அதிகம்.

## எவற்றை வைத்து நிறுப்பது

முதல் கேள்வி, மாறியது என்ன என்பது. அளக்கும் அடிப்படையே மாறியதா, அடிப்படை அப்படியே இருக்க அதற்குள் போட்ட எண் மாறியதா, அல்லது அன்றைக்கே பிழையாகப் போட்டது இன்றைக்குக் கண்ணில் பட்டதா?

இரண்டாவது கேள்வி, அந்தத் தகவல் எப்போது கையில் இருந்தது என்பது. இங்கே கவனிக்க வேண்டியது ஆண்டு முடிந்த மார்ச் 31 அல்ல, பணிப்பாளர்கள் நிதிக்கூற்றுகளை வெளியிட அனுமதித்த நாள். அந்த நாளில் நம்பகமான தகவல் கிடைக்கக்கூடியதாக இருந்து, நியாயமான முயற்சியில் அதைப் பெற்றுப் பயன்படுத்தியிருக்க முடியும் என்ற நிலையில் பயன்படுத்தாமல் விட்டதுதான் வழு. கூட்டல் பிழை, கொள்கையைத் தவறாகப் பிரயோகித்தல், கவனக்குறைவு, உண்மையைத் தவறாக விளங்கிக்கொள்ளல், மோசடி எல்லாம் இதற்குள் வரும்.

மூன்றாவது கேள்வி, சுமை எந்த ஆண்டின் தலையில் விழுகிறது என்பது. நான்காவது, அதைச் செய்ய என்ன பதிவேடு வேண்டும், வெளியே யாருக்கு விளக்கம் சொல்ல வேண்டி வரும் என்பது. பலரும் மறந்துவிடும் செலவு இந்த நான்காவதில்தான் ஒளிந்திருக்கிறது.

| | கொள்கை மாற்றம் | மதிப்பீட்டு மாற்றம் | முன்னைய கால வழு |
|---|---|---|---|
| மாறுவது | அளக்கும் அடிப்படை, விதி | நிச்சயமில்லாத ஒரு தொகை பற்றிய கணிப்பு | எதுவும் மாறவில்லை, அன்றே பிழை |
| காரணம் | நியமம் கேட்கிறது, அல்லது கூடுதல் பொருத்தமான தகவல் தரும் | புதிய தகவல், புதிய அனுபவம் | இருந்த தகவலைப் பயன்படுத்தாமை |
| பழைய ஆண்டு | மீளக் காட்ட வேண்டும் | தொடக்கூடாது | திருத்த வேண்டும் |
| இந்த ஆண்டு இலாபம் | இந்த ஆண்டுக்குரிய பங்கு மட்டும் | முழு விளைவும் இன்றும் இனியும் | இந்த ஆண்டுக்குரிய சரியான தொகை மட்டும் |
| மூன்றாவது நிதிநிலைமைக் கூற்று | விளைவு பொருண்மையானால் வேண்டும் | வேண்டாம் | விளைவு பொருண்மையானால் வேண்டும் |

## உதாரண நிறுவனம்

குருநகர்க் கரையோரத்தில் ஓர் ஐஸ் ஆலை என்று வைத்துக்கொள்வோம். பெயரும் தொகைகளும் கற்பனை, நிலைமை கற்பனை அல்ல. கம்பனி மீனவர்களுக்கு ஐஸ் கட்டி விற்கிறது, பக்கத்துக் களஞ்சியத்தில் வலை, நைலோன் கயிறு, படகு இயந்திர உதிரிப்பாகமும் விற்கிறது. ஆண்டு முடிவு மார்ச் 31. இப்போது தயாரிப்பது 2024/25 கணக்கு.

ஐஸ் இயந்திரத் தொகுதி 2020 ஏப்ரல் 1 அன்று 240 இலட்சம் ரூபாவுக்கு வாங்கப்பட்டது. பயன்தரு ஆயுட்காலம் 12 ஆண்டு, எச்சப் பெறுமதி இல்லை, நேர்கோட்டு முறை. ஆண்டுக்கு 20 இலட்சம் பெறுமானத் தேய்வு. நான்கு ஆண்டு கழிந்து 2024 மார்ச் 31 அன்று திரண்ட தேய்வு 80 இலட்சம், புத்தகத்தில் மிச்சம் 160 இலட்சம்.

2024/25 இல் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கொண்டென்சர்க் குழாய்கள் உப்பு நீரால் அரித்துப் போகின்றன, இந்தத் தொகுதி 2028 மார்ச்சுக்கு மேல் ஓடாது என்று எழுதிக் கொடுக்கிறார். அதாவது மொத்த ஆயுள் 12 அல்ல, 8. இனி என்ன செய்வது?

## மதிப்பீட்டு மாற்றம்: கிணறு பிறகு உப்பானால்

2020 இல் ஆலைக் கிணற்று நீரைப் பரிசோதித்து நல்ல நீர் என்று அறிக்கை வாங்கி, அதை வைத்தே 12 ஆண்டு என்று முடிவு செய்தார்கள் என்போம். 2024 ஒக்டோபரில் எடுத்த அடுத்த பரிசோதனையில்தான் உப்பு ஏறியது தெரிந்தது. அப்படியானால் அன்றைய கணிப்பு அன்றைய தகவலுக்குச் சரி. இன்று தகவல் மாறியது, கணிப்பும் மாறுகிறது.

கணக்கு சுலபம். மிச்சமுள்ள 160 இலட்சத்தை மிச்சமுள்ள 4 ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 40 இலட்சம். பழைய நான்கு ஆண்டையும் தொடுவதில்லை. நிறுத்தி வைத்த வருவாயின் ஆரம்ப மீதியும் அப்படியே இருக்கும். ஒக்டோபரிலிருந்து மட்டும் புதிய வீதத்தைப் போடுவதா, ஆண்டின் தொடக்கத்திலிருந்தா என்று சிலர் மயங்குவார்கள். இங்கே ஆண்டின் தொடக்கத்திலிருந்து போடும் நடைமுறையை எடுத்திருக்கிறோம். எதை எடுத்தாலும் அதையே தொடர்ந்து செய்ய வேண்டும்.

குறிப்பில் எழுத வேண்டியது மாற்றத்தின் தன்மையும் தொகையும்: இந்த ஆண்டும் அடுத்த மூன்று ஆண்டும் தேய்வு தலா 20 இலட்சம் கூடும், அதன் பிறகு வரவேண்டியிருந்த நான்கு ஆண்டில் தலா 20 இலட்சம் குறையும். கூட்டிப் பார்த்தால் பூச்சியம். மதிப்பீடு மாறினால் மொத்தச் செலவு மாறாது, அது எந்த ஆண்டுகளில் விழுகிறது என்பதுதான் மாறும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு இந்த ஆண்டு இலாபத்தில்தான். 20 இலட்சம் ஒரேயடியாக விழுகிறது. வங்கிக் கடன் ஒப்பந்தத்தில் வட்டி ஈட்டு விகிதம் நிபந்தனையாக இருந்தால், கணக்கை ஒப்பமிட முன்னரே வங்கியோடு பேசிவிட வேண்டும். மற்றப்படி பதிவேட்டு வேலை மிகக் குறைவு: பொறியியலாளரின் அறிக்கை, நீர்ப் பரிசோதனை, பணிப்பாளர் தீர்மானம் மூன்றும் கோப்பில் இருந்தால் கணக்காய்வாளர் வேறு பெரிதாகக் கேட்கப்போவதில்லை.

மின்சாரக் கட்டணமும் இதே இனம்தான். போன ஆண்டுக் கணக்கை ஒப்பமிடும்போது மார்ச் மாத பில் வராததால் 3 இலட்சத்து 10 ஆயிரம் என்று அட்டுறு போட்டு, பிறகு வந்த பில் 3 இலட்சத்து 40 ஆயிரமாக இருந்தால் அந்த 30 ஆயிரம் இந்த ஆண்டின் செலவு. மதிப்பீடு என்றாலே சரியாகப் பொருந்தாது. பொருந்தாததெல்லாம் வழு என்று எழுதத் தொடங்கினால் ஒவ்வொரு ஆண்டும் பழைய கணக்கைத் திறக்க வேண்டி வரும்.

## முன்னைய கால வழு: கடதாசி அன்றைக்கே இருந்தால்

இப்போது அதே இயந்திரம், வேறு கோப்பு. 2020 இல் விற்பனையாளர் கொடுத்த விலைமனுவின் நான்காம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: சுத்திகரித்த நீரில் ஓடினால் 12 ஆண்டு, உவர் கிணற்று நீரில் நேரடியாக ஓடினால் 8 ஆண்டு. கம்பனி நீர்ச் சுத்திகரிப்புத் தொகுதியை வாங்கவே இல்லை. கிணறு உவர் என்பது ஊருக்கே தெரியும். கணக்காளர் முதல் பக்கத்தில் இருந்த 12 ஐ எடுத்துப் போட்டுவிட்டார்.

இங்கே புதிய தகவல் எதுவும் வரவில்லை. நான்கு ஆண்டுக் கணக்கையும் ஒப்பமிட்ட ஒவ்வொரு நாளிலும் அந்தக் கடதாசி அலுமாரியில் இருந்தது. இது வழு.

திருத்தம் இப்படிப் போகும். சரியான தேய்வு 240 ஐ 8 ஆல் பிரித்தால் ஆண்டுக்கு 30 இலட்சம். நான்கு ஆண்டில் திரண்டிருக்க வேண்டியது 120, புத்தகத்தில் இருப்பது 80. குறை 40 இலட்சம். இதில் 2020 இலிருந்து 2023 மார்ச் வரையான மூன்று ஆண்டுக்குரிய 30 இலட்சம் 2023 ஏப்ரல் 1 ஆரம்ப மீதியில் இறங்கும். 2023/24 க்குரிய 10 இலட்சம் ஒப்பீட்டு நிரலில் அந்த ஆண்டுத் தேய்வை 20 இலிருந்து 30 ஆக்கும். 2024/25 இன் செலவு 30 இலட்சம் மட்டும்.

வரியை மறக்கக்கூடாது. வருமான வரிக்கு இந்தக் கணக்கீட்டுத் தேய்வு செல்லாது, மூலதனக் கொடுப்பனவு தனியாகக் கணக்கிடப்படுகிறது. அதனால் பழைய வரி விவரத்திரட்டைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் சொத்தின் புத்தகப் பெறுமதி 40 இலட்சம் இறங்கியதால் பிற்போடப்பட்ட வரிப் பொறுப்பும் இறங்கும். கம்பனிக்கு 30% வீதம் என்று எடுத்தால் அது 12 இலட்சம். ஆகவே 2024 மார்ச் 31 அன்று உரிமையாளர் பங்கில் ஏற்படும் தேறிய குறைவு 28 இலட்சம்: முதல் மூன்று ஆண்டுக்கு 21, 2023/24 க்கு 7.

பேரேட்டில் 2024 ஏப்ரல் 1 திகதியிட்டுப் போடும் பதிவு இவ்வளவுதான்:

```
நிறுத்தி வைத்த வருவாய்         வரவு  4,000,000
    திரண்ட பெறுமானத் தேய்வு          செலவு  4,000,000

பிற்போடப்பட்ட வரிப் பொறுப்பு    வரவு  1,200,000
    நிறுத்தி வைத்த வருவாய்            செலவு  1,200,000
```

ஒரு நடைமுறைத் தவறை இங்கே சொல்லியாக வேண்டும். பலர் கணக்கீட்டு மென்பொருளில் 2023 மார்ச்சுக்குப் பின்போய், மூடிய ஆண்டைத் திறந்து பழைய திகதியில் பதிவு போட்டுவிடுகிறார்கள். அடுத்த நிமிடமே மென்பொருளின் பரீட்சை மீதி, ஒப்பமிட்ட பழைய கணக்கோடு ஒத்துப்போகாமல் நிற்கும். ஆறு மாதம் கழித்து ஏன் என்று யாருக்கும் நினைவிருக்காது. மூடிய ஆண்டு மூடியபடியே இருக்கட்டும். பதிவு நடப்பாண்டின் முதல் நாளில் நேரே நிறுத்தி வைத்த வருவாய்க்குப் போகட்டும். ஒப்பீட்டு நிரலை நிதிக்கூற்றுத் தயாரிக்கும் விரிதாளில் மட்டும் திருத்தி, தலைப்பில் "மீளக் கூறியது" என்று போட்டால் போதும்.

வழுவின் மறைமுகச் செலவுதான் மூன்றிலும் பெரியது. 2023 ஏப்ரல் 1 க்கான மூன்றாவது நிதிநிலைமைக் கூற்று வேண்டும், அதற்குரிய வழமைக் குறிப்புகள் அத்தனையும் வேண்டியதில்லை என்பது ஓர் ஆறுதல். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான தனி நியமத்தைப் பின்பற்றுகிறவர்களுக்கு இந்த மூன்றாவது கூற்றே கேட்கப்படுவதில்லை. ஆனால் வழுவின் தன்மை, ஒவ்வொரு வரியிலும் திருத்திய தொகை, ஆரம்ப மீதியில் திருத்திய தொகை எல்லாம் எழுத வேண்டும். கணக்காய்வாளர் "இது எப்படி நான்கு வருசம் கண்ணில் படவில்லை, வேறு எங்கே இப்படி இருக்கிறது" என்று மற்றச் சொத்துகளையும் தோண்டுவார். அவர் தோண்டாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். அந்த நான்கு ஆண்டிலும் பங்கிலாபம் கொடுத்திருந்தால், திருத்திய இலாபம் அதைத் தாங்குமா என்றும் பணிப்பாளர்கள் பார்க்க வேண்டி வரும்.

தேய்வுக்குப் பதிலாக இருப்பில் வழு நடந்திருந்தால் வரியும் நேரடியாக வரும். 2024 மார்ச் இருப்பெடுப்பில் ஒரு றாக்கை முழுதாக எண்ணாமல் விட்டால் அந்த ஆண்டின் வரி விதிக்கத்தக்க இலாபமே குறைந்துபோகும். அப்போது விவரத்திரட்டைத் திருத்துவதும், அதற்கு மேலான வட்டியும் தண்டப்பணமும் தனிக் கதை.

## இரண்டுக்கும் நடுவில் விழும் திகதி

கோப்புகள் இப்படித் தெளிவாகப் பிரிந்து கிடப்பது அரிது. பெரும்பாலும் கிடைப்பது இந்த மாதிரி: நீர்ப் பரிசோதனை அறிக்கையின் திகதி 2024 யூலை 20. கிணறு 2023 தொடக்கத்திலேயே உப்பாகிவிட்டது, அப்போதிருந்தே குழாய்கள் அரிக்கின்றன என்று அறிக்கை சொல்கிறது. 2023/24 கணக்கைப் பணிப்பாளர்கள் அனுமதித்தது 2024 ஓகஸ்ட் 30.

மார்ச் 31 க்குப் பிறகு வந்த அறிக்கைதானே, மதிப்பீட்டு மாற்றம் என்று போடலாமே என்பது முதல் யோசனை. அது சரிவராது. அறிக்கை வந்தது ஒப்பமிட நாற்பத்தொரு நாளுக்கு முன்னர், அது காட்டியது மார்ச் 31 க்கு முன்னரே இருந்த நிலைமையை. 2023/24 கணக்கில் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பயன்படுத்தாததால் 2023/24 இல் வழு இருக்கிறது. ஆனால் அதற்கு முந்திய மூன்று ஆண்டிலும் இல்லை, ஏனென்றால் அந்தக் கணக்குகளை ஒப்பமிட்டபோது அந்தத் தகவல் இல்லை.

அப்படியானால் 2023 ஏப்ரல் 1 அன்று புத்தகத்தில் இருந்த 180 இலட்சத்தை மிச்சமுள்ள 5 ஆண்டுக்குப் பங்கிட வேண்டியிருந்தது: ஆண்டுக்கு 36. போட்டது 20. 2023/24 வழு 16 இலட்சம், வரிக்குப் பின் 11 இலட்சத்து 20 ஆயிரம். 2024/25 இன் செலவு 36.

ஒரே இயந்திரம், ஒரே எட்டு ஆண்டு, மூன்று வேறு விடை:

| நிலைமை | பழைய ஆண்டுகளில் திருத்தம் (வரிக்கு முன்) | 2024/25 தேய்வு |
|---|---|---|
| 2024 ஒக்டோபரில்தான் தெரிந்தது | இல்லை | 40 இலட்சம் |
| 2024 யூலையில் தெரிந்தும் விட்டது | 16 இலட்சம் | 36 இலட்சம் |
| 2020 இலேயே தெரிந்திருந்தது | 40 இலட்சம் | 30 இலட்சம் |

மூன்று வழியிலும் எட்டு ஆண்டின் மொத்தம் 240 இலட்சம்தான். ஆனால் இந்த ஆண்டு இலாபம் 10 இலட்சம் வரை விலகுகிறது. ஆசை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதும் இந்த அட்டவணையிலேயே தெரியும். தவறை ஒப்புக்கொள்ள விரும்பாதவர் மேல்வரியை எடுப்பார். இந்த ஆண்டு இலாபத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர் கீழ்வரியை எடுத்து, செலவைப் பழைய ஆண்டுகளில் கொட்டுவார். முதல் வகையைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். இரண்டாவது வகையும் குறைவில்லை, குறிப்பாக முகாமை மாறிய ஆண்டில். புதிதாக வந்தவருக்குப் பழையவரின் கணக்கு முழுக்க வழுவாகத் தெரிவது வழக்கம்.

தொகை சிறிதென்றால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த 30 ஆயிரம் ரூபாப் பற்றுச்சீட்டு தகவலின்படி வழுதான், ஆனால் இந்த அளவு நிறுவனத்துக்கு அது பொருண்மையானது அல்ல. இந்த ஆண்டுச் செலவில் போட்டுவிட்டுப் போகலாம். ஒரு விலக்கு மட்டும் உண்டு: ஒரு குறிப்பிட்ட இலாபத்தைக் காட்டுவதற்காக வேண்டுமென்றே விட்டது என்றால் சிறிது என்று சொல்லித் தப்ப முடியாது.

## கொள்கை மாற்றம்: களஞ்சியத்துக் கயிறு

இதே கம்பனி வலை, கயிறு இருப்பை இதுவரை முதல் உள் முதல் வெளி முறையில் கிரயமிட்டது. இனி நிறையிட்ட சராசரிக்கு மாற விரும்புகிறது. அளக்கும் அடிப்படை மாறுகிறது, ஆகவே இது கொள்கை மாற்றம். நியமம் கேட்காத மாற்றம் என்பதால், புதிய முறை நம்பகமாகவும் கூடுதல் பொருத்தமாகவும் தகவல் தரும் என்று காட்ட வேண்டும். வெவ்வேறு விலையில் வந்த கயிற்றுச் சுருள்கள் ஒரே றாக்கில் கலந்து கிடக்கின்றன, எது எந்தக் கொள்வனவு என்று பிரிக்க முடியவில்லை என்பது ஏற்கக்கூடிய காரணம். புதுக் கணக்காளருக்குச் சராசரிதான் பழக்கம் என்பது காரணம் அல்ல. மென்பொருள் பழைய முறையைச் செய்யாது என்பதும் தனியே நின்றால் போதாது.

| இருப்பு | பழைய முறை | சராசரி | வித்தியாசம் |
|---|---|---|---|
| 2023 மார்ச் 31 | 90 இலட்சம் | 84 இலட்சம் | 6 இலட்சம் |
| 2024 மார்ச் 31 | 110 இலட்சம் | 105 இலட்சம் | 5 இலட்சம் |
| 2025 மார்ச் 31 | 126 இலட்சம் | 120 இலட்சம் | 6 இலட்சம் |

வரியை விட்டுப் பார்த்தால் 2023 ஏப்ரல் 1 ஆரம்ப மீதி 6 இலட்சம் இறங்கும். 2023/24 இல் ஆரம்ப இருப்பு 6 உம் இறுதி இருப்பு 5 உம் குறைவதால் விற்பனைக் கிரயம் 1 இலட்சம் குறைந்து இலாபம் 1 கூடும். 2024/25 இல் அதன் மறுதலை, இலாபம் 1 குறையும். ஆறு இலட்சம் மாற்றத்துக்கு நடப்பாண்டு இலாபத்தில் வெறும் ஒரு இலட்சம். கொள்கை மாற்றம் இந்த ஆண்டு இலாபத்தை அதிகம் அசைக்காது.

அசைவது உழைப்பு. 2023 மார்ச்சில் சராசரி என்னவாக இருந்திருக்கும் என்று சொல்ல, அதற்கு முந்திய கொள்வனவுகளின் விலையும் அளவும் பொருள் பொருளாக வேண்டும். நூறு வகை வலை விற்கும் இடத்தில் இது வாரக்கணக்கான வேலை. எல்லா முயற்சியும் செய்தும் பழைய ஆண்டுக்குக் கணக்கிட முடியவில்லை என்றால், முடியக்கூடிய மிக முந்திய திகதியிலிருந்து பிரயோகிக்க நியமம் இடம் தருகிறது. பட்டியல்களைத் தேட அலுப்பாக இருக்கிறது என்பது "முடியவில்லை" ஆகாது. ஆகவே மாற்றம் நியாயமானது என்றாலும், புதிய முறையில் பதிவேட்டை இரண்டு ஆண்டு பக்கத்தில் ஓடவிட்டுப் பிறகு மாறுவதே மலிவு.

## பெயர் ஏமாற்றும் நான்கு இடங்கள்

நேர்கோட்டு முறையிலிருந்து உற்பத்தி அலகு முறைக்குப் போவது கொள்கை மாற்றம் போலத் தோன்றும். அது மதிப்பீட்டு மாற்றம். கொள்கை என்பது சொத்தைக் கிரயத்தில் வைத்து அதன் பயன் தீரும் விதத்தில் தேய்வு போடுவது. நேர்கோடோ அலகோ அதைக் கணிக்கும் நுட்பம். 2023 ஜனவரி 1 இலிருந்து தொடங்கும் ஆண்டுகளுக்குரிய திருத்தம் இதைப் பொதுவாகவே சொல்லிவிட்டது: அளவீட்டு நுட்பமோ உள்ளீடோ மாறினால், வழுவைத் திருத்துவதாக இல்லாதவரை, அது மதிப்பீட்டு மாற்றம்.

யாழ்ப்பாணத்தில் அதிகம் கேட்கப்படுவது காணி. கிரயத்தில் வைத்திருந்த காணியை முதல் தடவையாக மறுமதிப்புக்குக் கொண்டுபோவது கொள்கை மாற்றம்தான். ஆனால் பழைய ஆண்டுகளை மீளக் காட்ட வேண்டியதில்லை. ஆதனம், பொறி, உபகரணம் பற்றிய நியமம் 16 இன்படி மறுமதிப்பிட்ட நாளிலிருந்து போனால் போதும், மிகை மறுமதிப்பு ஒதுக்கத்துக்குப் போகும். இது தெரியாமல் பத்து வருடத்துக்குப் பின்னோக்கிக் காணி விலை தேடியவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, தவறான முறையிலிருந்து சரியான முறைக்கு வருவது. கடைசி உள் முதல் வெளி முறையையோ விற்பனை விலையையோ இருப்புக்குப் போட்டு வந்த கடை, இப்போது கிரயத்துக்கு வந்தால் அதற்குக் "கொள்கையை மாற்றினோம்" என்று பெயர் வைக்க முடியாது. அனுமதியில்லாத முறை கொள்கையே அல்ல, அது வழு. வெளிப்படுத்தலில் வித்தியாசம் பெரிது: கொள்கை மாற்றக் குறிப்பு முன்னேற்றம் போல வாசிக்கும், வழுக் குறிப்பு ஒப்புதல் போல வாசிக்கும்.

நான்காவது, முழுதாகத் தேய்ந்து புத்தகத்தில் பூச்சியமாகிவிட்ட வாகனம் இன்னும் தெருவில் ஓடுவது. ஆயுட்காலத்தையும் எச்சப் பெறுமதியையும் ஒவ்வோர் ஆண்டு முடிவிலாவது மீளாய்வு செய்ய வேண்டும். ஆண்டாண்டாக அதைச் செய்யவே இல்லை என்றால், மதிப்பீடு மாறியது என்பதை விட மீளாய்வு நடக்கவில்லை என்பதே உண்மைக்குக் கிட்ட. தொகை பொருண்மையானால் வழுவாகவே பார்க்க வேண்டும் என்பது எமது கருத்து. இதை விடத் தளர்வான நடைமுறைகள் இருப்பதும் தெரியும்.

கொள்கையா மதிப்பீடா என்று எவ்வளவு பார்த்தும் பிரிக்க முடியாவிட்டால் மதிப்பீடு என்று கொள்ள நியமமே சொல்கிறது. இந்தச் சலுகை அந்த இரண்டுக்கும் இடையில் மட்டும். மதிப்பீடா வழுவா என்ற சந்தேகத்தில் அது கைகொடுக்காது. அங்கே கோப்பைத் திறந்து திகதி பார்க்கத்தான் வேண்டும்.

அதனால் ஆண்டு முடிவில் ஒவ்வொரு பெரிய மதிப்பீட்டுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்கலாம்: எடுத்த எண் எது, எந்தக் கடதாசியை வைத்து, அந்தக் கடதாசியின் திகதி என்ன, வேறு எந்தக் கடதாசியைப் பார்த்து ஏன் ஒதுக்கினோம். ஐஸ் ஆலையின் கணக்காளர் 2020 இல் "நான்காம் பக்கத்தில் 8 ஆண்டு என்று இருக்கிறது, கிணற்று நீர்ப் பரிசோதனை நன்றாக இருப்பதால் 12 எடுத்தோம்" என்று ஒரு வரி எழுதி, பரிசோதனை அறிக்கையையும் கூட வைத்திருந்தால், அதே விலைமனு இருந்தும் இன்று அது வழு ஆகாது.